திருடன் கேட்கும் சொல்: ஓர் எச்சரிக்கைச் சுவரொட்டியைத் தமிழாக்குவது பற்றி

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில், மலையக ரயில் பாதையில் இருக்கிறது வட்டகொடை. இங்கே ஒரு தோட்ட ஆபீசின் சுவரிலும் ஒரு பள்ளியின் கணினி அறையிலும் இணைய மோசடி பற்றிய எச்சரிக்கைச் சுவரொட்டி ஒன்றை ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் முக்கியமான வரியைத் தமிழாக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "உங்கள் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருடனும் பகிர வேண்டாம்." இலக்கணப் பிழை இல்லை. அகராதியோடு ஒத்துப்போகிறது. அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மோசடிக்காரனிடமிருந்து வரும் செய்தியோ வேறு மாதிரி இருக்கிறது. அது அவளுடைய தோழியின் வாட்ஸ்அப்பிலிருந்தே வருகிறது: "அடியே, என் நம்பருக்கு வர வேண்டிய கோட் ஒன்னு மாறி ஒன் போனுக்கு வந்துருச்சு. ஆறு நம்பர் இருக்கும். அத கொஞ்சம் அனுப்பு." அதில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. ஒருமுறை என்ற சொல்லும் இல்லை. அவன் கேட்பது ஒரு நம்பர். தோழியின் பெயரில் வந்த உதவிக் கோரிக்கை. காலையில் சுவரொட்டியை வாசித்த அதே பெண், மாலையில் அந்த ஆறு இலக்கத்தை அனுப்பிவிடுவாள். அனுப்பும்போது சுவரொட்டி சொன்னதை மீறுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு வராது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது. இத்தகைய சுவரொட்டியை ஆங்கில மூலத்திலிருந்து தமிழாக்கினால் போதாது. திருடன் எந்தத் தமிழில் பேசுகிறான் என்பதைக் கேட்டு, அந்தச் சொற்களைச் சுவரில் ஏற்ற வேண்டும். கலைச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஏமாறும் நேரத்தில் காதில் விழும் சொல்லோடு அது பொருந்தாவிட்டால் பயனில்லை.

தூண்டிலுக்கு ஒரு பெயர்

முதல் சிக்கல் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. 'பிஷிங்' என்ற ஆங்கிலச் சொல் 1990-களின் நடுவில், அமெரிக்காவின் ஏ.ஓ.எல். சேவையில் பிறருடைய கணக்குகளைத் திருடியவர்கள் மத்தியில் பிறந்தது. மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை, அதற்கு முன்பு தொலைபேசி வலையமைப்புகளில் புகுந்து விளையாடியவர்களின் குழூஉக்குறியைப் போல மாற்றி எழுதினார்கள். அதாவது மூலச் சொல்லே ஒரு சிறு கூட்டத்தின் எழுத்து விளையாட்டு. ஆங்கிலம் பேசும் சாதாரண அலுவலருக்கும் அது தானாக விளங்குவதில்லை.

தமிழில் 'பிஷிங்' என்று அப்படியே எழுதுகிறார்கள். 'மின்தூண்டில்', 'தூண்டில் மோசடி' என்றும் எழுதுகிறார்கள். இவற்றில் 'தூண்டில்' நல்ல சொல். கொத்மலை ஓயாவின் கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தூண்டில் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரை, முள், நூல், பொறுமை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனாலும் சுவரொட்டியின் தலைப்பில் அதை வைப்பதில் ஒரு குறை உண்டு. அது மோசடிக்குப் பெயர் சூட்டுகிறது. மோசடி வரும்போது எப்படி இருக்கும் என்று காட்டுவதில்லை. தனக்கு வந்த மெசேஜைப் பார்த்து யாரும் 'இது தூண்டில்' என்று நினைப்பதில்லை. 'பார்சல் வந்திருக்கிறதாம்', 'பேங்கிலிருந்து கேட்கிறார்கள்' என்றுதான் நினைக்கிறார்கள். ஆகவே தலைப்பில் அந்த மெசேஜையே வைப்பது மேல். "உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது" என்ற வரியைப் பெரிதாக அச்சிட்டு, அதன் கீழே "இப்படி மெசேஜ் வந்தால்?" என்று கேட்டால், வாசிப்பவர் தன் போனில் கண்டதைச் சுவரிலும் காண்கிறார். தூண்டில் என்ற சொல்லை உள்ளே ஓரிடத்தில், விளக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரே 'இணைப்பு', மூன்று பொருள்

ஆங்கிலச் சுவரொட்டியில் இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள் இருக்கும். ஒன்று, மெசேஜில் வரும் முகவரியைத் தொடாதீர்கள் என்பது. மற்றது, மின்னஞ்சலோடு சேர்ந்து வரும் கோப்பைத் திறக்காதீர்கள் என்பது. தமிழில் முதலாவதும் 'இணைப்பு', இரண்டாவதும் 'இணைப்பு'. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே வரியில் அடக்கி, "சந்தேகத்திற்கிடமான இணைப்புகளைத் திறக்க வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார். ஒரு எச்சரிக்கை ஓசையில்லாமல் காணாமற்போகிறது. தோட்ட ஆபீசில் கணக்கு வேலை பார்ப்பவருக்கு இந்த இழப்பு பெரியது. அவருக்கு ஆபத்து பெரும்பாலும் விலைப்பட்டியல், கட்டண ரசீது என்ற பெயர்களில் மின்னஞ்சலோடு வரும் கோப்பாகத்தான் வருகிறது.

மூன்றாவது பொருளும் உண்டு. லயத்தில் வாழும் குடும்பத்துக்கு 'இணைப்பு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மின்சார இணைப்பு, தண்ணீர் இணைப்பு. 'சந்தேகத்திற்கிடமான இணைப்பைத் தொடாதீர்கள்' என்று எழுதினால் மின்சார சபையின் எச்சரிக்கை என்று நினைக்கவும் இடமுண்டு. 'சொடுக்கவும்' என்ற சொல்லும் அப்படியே. அது கணினியின் மவுஸுக்காக உருவானது. போனில் மட்டுமே இணையத்தைப் பார்ப்பவர் எதையும் சொடுக்குவதில்லை. தொடுகிறார், அல்லது அழுத்துகிறார்.

இந்த இடத்தில் 'லிங்க்' என்று எழுதத் தயங்கக் கூடாது என்பது என் முடிவு. தூய தமிழ்ச் சொல்லுக்கு உரிய இடம் பாடநூலில் இருக்கிறது. அதைப் பழக்கப்படுத்த ஆசிரியருக்கு ஓர் ஆண்டு முழுதும் இருக்கிறது. சுவரொட்டியைத் தாண்டிப் போகிறவருக்கு இருப்பது சில வினாடிகள். 'நீல நிறத்தில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்', 'ஈமெயிலோடு கூட வரும் பைலைத் திறக்கும் முன் அனுப்பியவரிடம் கேளுங்கள்' என்று இரண்டு வரிகளாகப் பிரித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

'பகிர்' என்ற சொல்லையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு 'பகிர்தல்' என்றால் படத்தையோ பதிவையோ பலருக்கு அனுப்புவது என்று பொருள் நிலைத்துவிட்டது. 'கடவுச்சொல்லைப் பகிராதீர்கள்' என்றால், 'நான் அதையெல்லாம் எங்கேயும் போடவில்லையே' என்று ஒருவர் நியாயமாகவே நினைக்கலாம். தொலைபேசியில் ஒருவரிடம் வாயால் சொல்வது அவருக்குப் பகிர்வதாகத் தோன்றாது. 'யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், அனுப்பாதீர்கள்' என்று எழுதினால் ஓட்டை அடைபடும்.

எழுத்துப்பிழை என்ற பொய்த் துப்பு

உலகம் முழுதும் இத்தகைய சுவரொட்டிகளில் வரும் ஒரு அறிவுரை, எழுத்துப்பிழைகளைக் கவனியுங்கள் என்பது. அதற்கு ஆதாரமாகச் சொல்லத்தக்க மிகப் பெரிய சம்பவத்தில் இலங்கைக்கும் பங்கு உண்டு. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து, நியூயோர்க் வழியாக, ஏறத்தாழ 100 கோடி டொலரைத் திருட முயன்றார்கள். அதில் 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. 2 கோடி டொலர் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அந்த அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை `Fandation` என்று தவறாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி அதைக் கண்டு கேள்வி கேட்டது; பணம் தப்பியது. அந்தத் திருட்டுக் கூட்டம் வங்கிக்குள் நுழைய முயன்ற வழியும் நம் சுவரொட்டிக்கு நேரடியாகத் தொடர்புடையதுதான். வேலை கேட்பவர் எழுதியதைப் போன்ற மின்னஞ்சல்கள் வங்கி ஊழியர்களுக்கு வந்தன. சுயவிவரத்தைப் பார்க்க ஒரு லிங்க் அவற்றில் இருந்தது.

இந்தக் கதையைச் சுவரொட்டியில் போட ஆசை வரும். ஆனால் இதிலிருந்து 'பிழையைத் தேடு' என்ற பாடத்தை எடுத்தால் வட்டகொடைக்கு அது தீங்கு செய்யும். அந்தப் பிழையைக் கண்டவர்கள் நாள்தோறும் ஆங்கிலத்தில் கொடுக்கல் வாங்கல் பார்க்கும் வங்கியாளர்கள். இங்குள்ள வாசகருக்கு ஆங்கிலத்தில் வரும் மெசேஜின் பிழை தெரிய வாய்ப்புக் குறைவு. தமிழில் வந்தாலோ நிலைமை இன்னும் சிக்கல். 1987-இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் இந்நாட்டின் பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் எழுத்துப்பிழைகளைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. உண்மையான அரச அறிவித்தலிலேயே பிழை இருக்கும் நாட்டில், பிழை இருந்தால் போலி என்று சொன்னால் உண்மையையும் சந்தேகிக்க நேரும். அதைவிட மோசமானது அதன் மறுபக்கம்: பிழை இல்லாததைப் பார்த்து, இது நம்பகமானது என்று ஒருவர் ஆறுதல் கொள்வார். நல்ல தமிழில் எழுதத் தெரிந்த திருடனுக்கு அந்த ஆறுதல் போதும்.

அனுப்புநரின் பெயரும் அப்படிப்பட்ட துப்புதான். குறுஞ்செய்தியில் எண்ணுக்குப் பதிலாக வங்கியின் பெயரே அனுப்புநராகத் தெரியும்படி அனுப்ப முடிகிறது. போன் பெயரை மட்டும் பார்த்து மெசேஜ்களை அடுக்குவதால், போலிப் பெயரில் வந்த மெசேஜ், உண்மையான வங்கி முன்பு அனுப்பிய மெசேஜ்களின் கீழேயே போய் உட்கார்ந்துவிடும். 'தெரியாதவரிடமிருந்து வரும் செய்தியை நம்பாதீர்கள்' என்ற வரி இங்கே உதவாது. செய்தி தெரிந்தவரின் பெயரில்தானே வருகிறது!

அப்படியானால் எஞ்சுவது என்ன? செய்தியின் தோற்றத்தை ஆராயச் சொல்வதை விட்டுவிட்டு, செய்தி என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொல்வதுதான். பணம், கோட் நம்பர், பாஸ்வேர்ட் ஆகிய மூன்றில் ஒன்றை, அவசரமாக, மெசேஜ் வழியே கேட்டால் அது யார் பெயரில் வந்தாலும் அங்கே நிற்க வேண்டும். 'சந்தேகத்திற்கிடமான' என்ற நீண்ட சொல் சுவரொட்டியிலிருந்து போய்விடலாம். நன்றாகச் செய்யப்பட்ட மோசடி சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை.

முகவரியை வலமிருந்து வாசித்தல்

இணைய முகவரியைப் பார்த்து உண்மையையும் போலியையும் பிரிக்கக் கற்பிப்பது மாணவர்களுக்கு உரிய பாடம். ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அண்மை ஆண்டுகளில் அஞ்சல் திணைக்களத்தின் பெயரில், பார்சலை விடுவிக்கச் சிறு கட்டணம் கேட்கும் மெசேஜ்கள் இலங்கையில் பரவின. திணைக்களத்தின் தளம் `slpost.gov.lk`. போலி மெசேஜில் வருவது இப்படி ஒரு முகவரியாக இருக்கலாம்:

```
https://slpost.gov.lk.parcel-fee.example/pay
```

இடமிருந்து வாசிக்கப் பழகிய கண் முதலில் `slpost.gov.lk` என்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறது. ஆனால் முகவரியின் சொந்தக்காரரைச் சொல்வது வலப்பக்கம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். இங்கே சொந்தக்காரர் `parcel-fee.example`. ஒரு பெயரைச் சொந்தமாக வைத்திருப்பவர் அதன் இடப்பக்கத்தில் தாம் விரும்பிய எதையும் ஒட்டிக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. தபால் முகவரியை நினைத்தால் இது எளிதாகப் புரியும். கடிதத்தில் முதல் வரியில் என்ன பெயரை எழுதினாலும், எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் முடிவு செய்கிறது.

இதைச் சுருக்கி, '`gov.lk` என்று முடிந்தால் மட்டும் நம்புங்கள்' என்று எழுதிவிடலாமா? மாணவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் பரீட்சைப் பெறுபேறு பார்க்கும் பரீட்சைத் திணைக்களத் தளத்தின் முகவரி `doenets.lk`. அதில் `gov` இல்லை. வணிக வங்கிகளின் முகவரிகளிலும் இல்லை. பூட்டுப் படத்தைப் பாருங்கள் என்ற பழைய அறிவுரையும் காலாவதியாகிவிட்டது. அந்தப் பூட்டு, உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தரவை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொன்னது. தளம் திருடனுடையதா என்று அது சொல்லவில்லை. மோசடித் தளங்களும் பூட்டோடு வரத் தொடங்கின. 2023-இல் கூகுள் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

எனவே முகவரி வாசிக்கும் பாடத்தைக் கணினி ஆசிரியர் வகுப்பில் நடத்தட்டும். சுவரில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும்: "லிங்க்கைத் தொடாதீர்கள். தெரிந்த முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். அல்லது தபால் நிலையத்தில் போய்க் கேளுங்கள்." இரண்டாவது பாதி ஊரின் பலத்தைப் பயன்படுத்துகிறது. வட்டகொடைக்காரருக்குத் தபால்காரர் முகம் தெரிந்தவர்.

பாஸ்வேர்ட்: மூலமே பழசானால்

கடவுச்சொல் பகுதியை மொழிபெயர்க்கத் தொடங்கியதும் ஒரு வரி முரண்டுபிடிக்கும்: 'பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து பயன்படுத்துங்கள்.' தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. 'பெரிய எழுத்து' என்று படித்த சிறுவன் எழுத்தின் அளவைப் பெரிதாக்க முயல்வான். 'கெப்பிட்டல்' என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்கும். ஆனால் இந்த வரியோடு மல்லுக்கட்டும் முன், இது சரியான அறிவுரைதானா என்று கேட்க வேண்டும்.

இந்த விதிகள் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆவணம் ஒன்றின் வழியே உலகெங்கும் பரவின. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே நிறுவனம் அதே ஆண்டில் தன் வழிகாட்டலை மாற்றியது. எழுத்து வகைகளைக் கலக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். திருட்டுப்போனதற்கான அறிகுறி இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம். நீளத்துக்கு இடம் கொடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொற்களைத் தடுத்து வையுங்கள் என்பது அதன் சாரம். ஆக, மொழிபெயர்க்க மிகக் கடினமாக இருந்த வரி, மொழிபெயர்க்கவே தேவையில்லாத வரியாகிவிட்டது.

பழைய விதி ஏன் பயனற்றது என்பதை ஊர்ப்பெயரை வைத்தே காட்டலாம். `Watagoda@123` என்பதைப் பாருங்கள். 12 எழுத்து நீளம். கெப்பிட்டல் இருக்கிறது, சின்ன எழுத்து இருக்கிறது, குறியீடு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. பழைய விதிகள் எல்லாவற்றையும் நிறைவேற்றுகிறது. ஆனால் இந்த ஊர் ஆபீசின் கணக்கைத் திறக்க முயல்பவன் முதலில் போட்டுப் பார்க்கும் சொற்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றக் கட்டாயப்படுத்தினால் அது `Watagoda@124` ஆகும். விதி காப்பாற்றப்படுகிறது; கணக்கு காப்பாற்றப்படுவதில்லை.

இதற்கு மாற்றாகப் பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் சொல்வது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்ப்பது. இது தமிழருக்கு இயல்பாகவே வசதியானது. நாம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்கள். வீட்டில் புழங்கும் மூன்று தமிழ்ச் சொற்களை அப்படி எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். சொற்கள் தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தேயிலை, கொழுந்து, மலை என்று மூன்றையும் ஒரே தோட்டத்திலிருந்து பறித்தால் ஊகிக்க முடியும். சாமி பெயர், பிள்ளையின் பெயர், நடிகர் பெயர் ஆகியவையும் வேண்டாம். தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைப்பதும் இப்போதைக்கு உகந்ததல்ல. 'கொ' என்ற ஒரே எழுத்தை ஒருங்குறியில் ஒரு விதமாகவும், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து வேறு விதமாகவும் பதிய முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத தளம் கதவைத் திறக்காது.

சுவரொட்டியில் மாதிரிக் கடவுச்சொல் எதையும் அச்சிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சிட்டால் அதையே பலர் வைத்துக்கொள்வார்கள். மூன்று வெற்றுக் கட்டங்களை வரைந்து, 'மூன்று சொல், ஒன்றுக்கொன்று உறவில்லாதது' என்று எழுதினால் போதும்.

'எழுதி வைக்காதீர்கள்' என்ற வரியை ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒன்றாக எழுதக் கூடாது. ஆபீஸ் மேசையில் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுக் காகிதம் அந்த வழியாகப் போகிறவர் அனைவருக்கும் திறந்த பெட்டி. வீட்டுப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழோடு இருக்கும் கொப்பியில் எழுதியது தொலைதூரத் திருடனுக்கு எட்டாது. எழுதவே கூடாது என்று சொன்னால், மனனம் செய்ய எளிதான ஒன்றையே எல்லா இடத்துக்கும் வைத்துவிடுவார்கள்; அதுதான் பெரிய ஆபத்து.

மலையகத்துக்கு இன்னொரு வரி தேவை. ஆங்கில மூலத்தில் அது இருக்காது. புதுப் போன் வாங்கியதும் கொம்யூனிகேஷன் கடையில் கொடுத்து ஜிமெயில் கணக்குத் திறந்து வாங்குவது இங்கே வழக்கம். கடைத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டை வைத்தவர் அவர். அது அவருக்கும் தெரியும், சில நேரம் அவர் கொப்பியிலும் இருக்கும். "கடையில் திறந்த கணக்கா? வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்ற வரியை இந்த ஊரை அறிந்தவர்தான் எழுத முடியும்.

துரையின் பெயரில் வரும் கட்டளை

ஆபீஸ் சுவரொட்டிக்கு உரிய மோசடி வேறு. தோட்டத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனத்தின் பெயரில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வரும். அல்லது துரையின் பெயரிலேயே, 'கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தத் தொகையை உடனே அனுப்பு' என்று வரும். ஆங்கிலச் சுவரொட்டி இதற்குச் சொல்லும் மருந்து, 'அனுப்பியவரிடம் சரிபாருங்கள்' என்பது. தமிழில் மொழிபெயர்க்க அதைவிட எளிதான வரி இல்லை. தோட்ட ஆபீசில் நடைமுறைப்படுத்த அதைவிடக் கடினமான வரியும் இல்லை.

துரை சொன்னதை 'நீங்கள்தான் சொன்னீர்களா?' என்று கிளாக்கர் திருப்பிக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவாகப் படும். தலைமுறைகளாக வந்த வழக்கம் அது. திருடன் அந்தத் தயக்கத்தையே பிடித்துக்கொள்கிறான். சரிபார்க்கச் சொல்லும் வரி மட்டும் இருந்தால் கிளாக்கர் அதைப் படித்துத் தலையாட்டுவார். மின்னஞ்சல் வந்த நாளில் கேட்க மாட்டார். அவருக்குத் தேவைப்படுவது அனுமதியும், வாயில் எடுத்துவைத்த வாக்கியமும். ஆகவே சுவரொட்டியில் துரையின் பெயரால் ஒரு வரி வர வேண்டும்: "கணக்கு எண் மாறினாலோ, அவசரமாகப் பணம் அனுப்பச் சொன்னாலோ, என்னைப் போனில் அழைத்துக் கேட்ட பிறகே அனுப்புங்கள். கேட்பது உங்கள் கடமை." அதன் கீழே துரையின் கையெழுத்து. பக்கத்தில் கிளாக்கர் சொல்ல வேண்டியது: "சேர், இந்தக் கணக்கு மாற்றத்தை ஒருமுறை உங்கள் வாயால் கேட்டுக்கொண்டு செய்கிறேன்." எந்த எண்ணை அழைப்பது என்பதும் முக்கியம். மின்னஞ்சலில் இருக்கும் எண் திருடனுடையதாக இருக்கலாம். ஆபீஸ் பதிவேட்டில் முன்பே இருக்கும் எண்ணைத்தான் அழைக்க வேண்டும்.

முடிவில் சுவரில் ஏறுவது

இவ்வளவையும் ஒரே தாளில் அடக்க முடியாது. தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளமானது. மும்மொழிச் சுவரொட்டியில் தமிழுக்குக் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு எழுத்தைச் சிறிதாக்கி அடைப்பதுதான் வழக்கம். அதைவிட, மாணவருக்கு ஒன்றும் ஆபீசுக்கு ஒன்றுமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றே செய்தி வைப்பது நல்லது. மாணவருக்கான தாள் இப்படி அமையலாம்:

"'உன் போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பு' என்று யாராவது கேட்டார்களா? அனுப்பாதே. கேட்டது தோழியாக இருந்தாலும் முதலில் அவளுக்கு போன் எடுத்துப் பேசு.

மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாதே. தெரிந்த முகவரியை நீயே டைப் செய்.

பாஸ்வேர்ட்: மூன்று சொல், ஒன்றுக்கொன்று உறவில்லாதது. கடையில் வைத்த பாஸ்வேர்ட் என்றால் இன்றே மாற்று."

முதல் செய்தியின் காரணத்தை ஆசிரியர் விளக்க வேண்டும். திருடன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அந்தப் பெண்ணின் எண்ணைப் போடுகிறான். எண்ணின் சொந்தக்காரர்தானா என்று சோதிக்க, வாட்ஸ்அப் அவள் போனுக்கு ஆறு இலக்கத்தை அனுப்புகிறது. அவள் அதைச் சொன்னதும் அவளுடைய வாட்ஸ்அப் அவன் கைக்குப் போகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் அவள் பெயரில் அவளுடைய மாமா, அத்தை எல்லோருக்கும் அதே செய்தி போகும். முதல் தோழியின் கணக்கும் இப்படித்தான் பறிபோயிருக்கும். பறிபோனால் உடனே தன் போனில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போட்டால் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் படிப் பின் எண் ஒன்றை வைத்துவிட்டால், அது தெரியாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பின் எண்ணை முன்கூட்டியே தானே வைத்துக்கொண்டவருக்கு இந்தத் தொல்லை வராது.

அச்சு வேலையில் இரண்டு எச்சரிக்கைகள். லிங்க்கைத் தொடாதே என்று சொல்லும் தாளில் கியூ.ஆர். கட்டம் போடக் கூடாது. சொல்வதற்கு மாறாக அது பழக்குகிறது. தட்டச்சைப் பாமினி எழுத்துருவில் செய்யவும் கூடாது. அதில் 'தமிழ்' என்பது உள்ளுக்குள் `jkpo;` என்றே பதிவாகிறது. அச்சில் அழகாக இருக்கும். யாராவது அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்தக் குப்பைதான் போய்ச் சேரும்.

சோதித்துப் பார்த்தல்

மொழிபெயர்ப்பு சரியா என்பதைத் தமிழ் அறிஞரிடம் காட்டினால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிக்கு ஒரு கிளாக்கரும் ஒரு மாணவியும் வேண்டும். 'புரிகிறதா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்பார்கள். ஆகவே அப்படிக் கேட்கக் கூடாது. தாளைப் படிக்கக் கொடுத்து, எடுத்துவிட்டு, ஐந்து மெசேஜ்களைக் காட்ட வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு உண்மையானவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 'இது வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் 'நம்பர்' என்றால் தாளிலும் 'நம்பர்' இருக்க வேண்டும். உண்மையான மெசேஜ்களையும் பயந்து ஒதுக்கினால் தாள் அளவுக்கு மீறி மிரட்டுகிறது என்று பொருள்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இதற்கு எல்லை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவ அமைப்பில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை எட்டு மாதம் சோதித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஏமாறிய விகிதம் பெறாதவர்களைவிட 1.7 சதவீதம் மட்டுமே குறைவாக இருந்தது. அங்கே வழக்கமான பயிற்சிக்கே இந்தக் கதி என்றால், ஒரு காகிதத்திடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாட்ஸ்அப்பின் இரண்டாம் படிப் பின் எண்ணை ஆசிரியர் வகுப்பிலேயே எல்லோரையும் வைக்கச் செய்வதும், பணம் அனுப்ப இருவர் ஒப்புதல் வேண்டும் என்று ஆபீஸ் விதி செய்வதும் அதைவிட வலுவான காவல். அந்தக் காவலைத் தாண்டி ஒருநாள் போன் அடிக்கும். மறுமுனையில் கனிவான தமிழில் ஒருவர், 'ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க' என்பார். அப்போது கேட்பவருக்கு, காலையில் சுவரில் படித்த வரி அதே சொற்களில் நினைவுக்கு வர வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் வேலை அந்த ஒரு கணத்துக்காகத்தான்.